500 ரூபாயில் அறைக்குள் கிறிஸ்துமஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து நிற்பார்கள். ஸ்டார் கட்டுவதற்கு உதவி கேட்டு வந்தவர்கள், கொஞ்ச நாளில் தங்கள் அறையை என்ன செய்வது என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். வருடா வருடம் அதே கேள்விகள்தான். வாசலில் தொங்கும் பெரிய ஸ்டாரும் ஹாலில் இருக்கும் குடிலும் அப்பா அம்மா கணக்கு. இது உன் அறைக்கு மட்டும், உன் பாக்கெட் மணிக்குள்.

என்கிட்ட மொத்தமே 500 ரூபாய்தான் இருக்கு அக்கா. எதுல போடறது?

ஒரே ஒரு பெரிய விஷயத்தில் போடு. இருபது சின்னப் பொருள்களை வாங்கி அறை முழுக்கத் தூவினால் ஃபேன்சி ஸ்டோர் மாதிரி ஆகிவிடும், காசும் போய்விடும். என் யோசனை, கையால் கட்டிய ஒரு காகித ஸ்டார். லைட்டை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டால் அறையே வேறாகத் தெரியும், மற்றதெல்லாம் அதற்குத் துணைதான்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. மூங்கில் பிளாச்சு 40 ரூபாய், பட்டத்தாள் நாலு 20, பிளக்கோடு சேர்ந்த ஹோல்டர் வயர் 90, ஜீரோ வாட் எல்இடி பல்பு 30. ஸ்டாருக்கு ஆனது 180. யூஎஸ்பியில் ஓடும் செம்புக் கம்பி லைட் ஒன்று 130, சவுக்குக் கிளை 60, குடிலுக்குக் கேழ்வரகும் காக்கித் தாளும் 25. எல்லாம் சேர்த்து 395. மிச்சம் 105 ரூபாயில் அவன் ஜிகினாவும் ஆறு பந்தும் வாங்கினான். உன் ஊரில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் எது பெரிய செலவு, எது சின்னச் செலவு என்பது இதே வரிசையில்தான் வரும். இடிக்கிறது என்றால் முதலில் ஜிகினாவை வெட்டு.

கடையில மடக்கு ஸ்டார் ரெடியாவே விக்குதே, அதை வாங்கினா போதாதா?

போதும். பரீட்சை நேரத்தில் நேரமே இல்லை என்றால் அதை வாங்கிக்கொள். ஆனால் விலை குறைந்த அட்டை ஸ்டார்களில் வெளிச்சம் ஓட்டைகள் வழியாகத்தான் வரும், அறைக்குள் அது புள்ளி புள்ளியாகச் சுவரில் விழும். பட்டத்தாள் ஸ்டார் முழுசாக ஒளிரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஸ்டார் கட்டறது கஷ்டமா? எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

இரண்டு சாயங்காலம் ஆகும். ஒரு நாள் கூடு, மறுநாள் தாள். கஷ்டம் என்று எல்லாரும் நினைப்பது அந்த ஐந்து முனையும் ஒரே மாதிரி வரவேண்டுமே என்பதைத்தான். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, பாகைமானியே வேண்டாம்.

மூங்கில் பிளாச்சு 50 செ.மீ. நீளத்தில் பத்து வேண்டும். பென்சிலில் பாதி அகலமும் தீக்குச்சி கனமும் இருந்தால் சரி. நீயே அரிவாள் எடுத்துப் பிளக்காதே, கூடை முடைகிறவர்களிடம் அளவு சொன்னால் சீவிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டுவை, அப்போதுதான் ஒடியாமல் வளையும்.

இப்போது ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 19 செ.மீ. தள்ளி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடு. நடுவில் 12 செ.மீ. மிஞ்சும். ஐந்து பிளாச்சுகளை முனையோடு முனை நூலால் கட்டி, கையை எடுக்காமல் ஐந்து மூலை நட்சத்திரம் வரைவோமே, அந்த வடிவத்தில் தரையில் பரப்பு. பிளாச்சுகள் ஒன்றையொன்று ஐந்து இடத்தில் வெட்டும். அந்த ஐந்து இடத்திலும் நீ போட்ட கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தால் உன் நட்சத்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு இடத்தில் கோடு விலகினால், எதிர் முனையைக் கொஞ்சம் இழுத்துப் பார், சேர்ந்துவிடும். சேர்ந்ததும் ஐந்து வெட்டுமிடத்தையும் நூலால் கட்டிவிடு. இதே போல இன்னொன்று.

இரண்டு நட்சத்திரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, வெளி முனைகள் ஐந்தையும் மட்டும் இறுக்கிக் கட்டு. அப்புறம் உள்ளே வெட்டுமிடங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே 12 செ.மீ. குச்சி ஒன்றை நிறுத்தவேண்டும், மொத்தம் ஐந்து குச்சி. குச்சியின் இரண்டு நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டால் வழுக்காமல் நிற்கும். குச்சி நின்றதும் தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் வயிறு புடைத்து எழும். எத்தனை வருடம் கட்டினாலும் அந்த நிமிடம் எனக்குச் சலிக்கவில்லை. பிளாச்சு விறைப்பாக இருந்து வளைய மறுத்தால் குச்சியை 10 செ.மீ. ஆக்கிக்கொள், ஒடிக்கிற வரை மல்லுக்கு நிற்காதே.

தாள் எப்படி வெட்டறது? நான் போன தடவை வெட்டினப்போ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா வந்து எல்லாம் வேஸ்ட்.

அந்த 12 செ.மீ. குச்சியைச் சும்மா சொல்லவில்லை. நடுப்பாகமும் 12, குச்சியும் 12 என்றால் முன்பக்க முக்கோணம், பின்பக்க முக்கோணம், பக்கவாட்டு முக்கோணம் எல்லாமே ஒரே அளவு: அடி 12, இரண்டு பக்கமும் 19. முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, பக்கங்களில் பத்து, ஆக இருபது முக்கோணம், ஒரே அச்சு. பழைய நோட்டு அட்டையில் ஒன்று வெட்டி, சுற்றிலும் 1 செ.மீ. ஒட்டுவதற்கு விட்டு, அதை வைத்தே இருபதையும் வரைந்துவிடலாம். நடுவில் வரும் ஐங்கோணத்துக்குத் தாளைக் கூட்டின் மேலேயே வைத்து அளவெடுத்துக்கொள். முன்பக்க ஐங்கோணத்தை மட்டும் ஒட்டு. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும், பல்பு அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும், சூடும் அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். குச்சி 10 ஆக்கியிருந்தால் பக்கவாட்டுத் தாளில் அடி மட்டும் 10, மற்றது அப்படியே.

முக்கோணங்களைத் தாளில் ஒன்று நேராக ஒன்று தலைகீழாக அடுக்கி வரைந்தால் தாள் வீணாகாது. முனைகளுக்கு ஒரு நிறம், பக்கவாட்டுக்கு வேறு நிறம் என்று இரண்டு நிறமே போதும். என் கண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும்தான் பல்பு வெளிச்சத்தில் எடுப்பாக இருக்கும். கருநீலம் பகலில் அழகு, இரவில் இருண்டுவிடும்.

பசை? ஃபெவிகால் வாங்கணுமா?

வேண்டாம். மைதா இரண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டு. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிடு. பசையைப் பிளாச்சில் தடவு, தாளில் தடவாதே. பட்டத்தாள் ஈரமானால் சாயம் இறங்கும், இழுத்தால் கிழியும். மெல்ல இழுத்துப் பிடித்து ஓரத்தை மடித்து ஒட்டினால் போதும். டிசம்பர் நம் பக்கம் மழைக்காலம், காற்றில் ஈரம் இருக்கும், அதனால் காய ஒரு ராத்திரி விடு. காய்வதற்குள் தொங்கவிட்டால் தாள் தொய்ந்துபோகும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். படுத்துத் தூங்குகிற அறைக்கு அது தேவையே இல்லை.

எந்த பல்பு போடறது? எங்க வீட்ல பழைய குண்டு பல்பு நிறைய கிடக்கு.

அது கிடக்கட்டும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்படித்தான் வீட்டில் கிடந்த 60 வாட் குண்டு பல்பை மாட்டினேன். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் மேல் முனையில் தாள் பழுப்பாகி, மூன்றாம் நாள் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. தீ பிடிக்காதது என் அதிர்ஷ்டம். குண்டு பல்பு வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும்.

அரை வாட் எல்இடி, அதாவது கடையில் ஜீரோ வாட் என்று கேட்டால் கொடுப்பது, அறைக்குள் தாராளம். தெருவில் தொங்கும் ஸ்டாருக்குத்தான் 9 வாட் எல்லாம், அறைக்குள் போட்டால் கண் கூசும். பல்பு எந்தப் பக்கமும் தாளில் முட்டாமல் நடுவில் நிற்கவேண்டும். ஹோல்டரின் வயரைக் கூட்டின் மேல் முனையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் கனம் மூங்கிலில் இறங்கும், தாளில் இறங்காது. வயரை வெட்டி ஒட்டுகிற வேலை எதுவும் வேண்டாம், பிளக்கோடு வருவதையே வாங்கு.

வாடகை வீடு. ஆணி அடிச்சா ஹவுஸ் ஓனர் கத்துவார். எங்க தொங்கவிடறது?

ஜன்னல் கம்பி, திரைச்சீலை ராடு, பரண் விளிம்பு, அலமாரிக் கதவின் கைப்பிடி. ஜன்னல்தான் முதல் இடம், ஏனென்றால் தெருவிலிருந்தும் தெரியும். மழைச்சாரல் அடிக்கிற ஜன்னல் என்றால் கதவைச் சாத்திவிட்டு உள்பக்கமாகத் தொங்கவிடு.

ஃபேனில் எதையும் கட்டாதே. ஃபேன் றெக்கையிலிருந்து நாலு மூலைக்கும் ஜிகினா இழுத்துக் கட்டியிருந்த ஒரு அறையில், தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட, ஜிகினா மொத்தமும் தண்டில் சுற்றி, மேஜை மேலிருந்த குடில் பொம்மை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் ஃபேன் போடமாட்டோம் என்பார்கள். கொசுவுக்காகவாவது போடுவோம்.

டேப் ஒட்டினா பெயிண்ட் உரிஞ்சு வருது, என்ன செய்யலாம்?

சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ, அதில் எந்த டேப்பும் நிற்காது, நின்றால் பெயிண்டோடுதான் வரும். அந்தச் சுவரை விட்டுவிட்டு மர அலமாரி, கதவு, ஜன்னல் கண்ணாடி இவற்றில் ஒட்டு. கை சுத்தமாக இருந்தால் எமல்ஷன் பெயிண்ட்டாக இருக்கும், கொஞ்சம் தாங்கும். அப்போதும் பீரோவுக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பி. எடுக்கும்போது வெடுக்கென்று உன் பக்கம் இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்துச் சுவரை ஒட்டினாற்போல மெதுவாக இழுக்கவேண்டும்.

சீரியல் லைட்டா, யூஎஸ்பி லைட்டா?

கட்டில் பக்கத்தில் கட்டுவதென்றால் யூஎஸ்பி. அது 5 வோல்ட், போன் சார்ஜரிலேயே ஓடும், கம்பி மெல்லிசாக இருப்பதால் கண்ணாடி ஓரத்திலும் புத்தக அலமாரியிலும் வளைத்துவிடலாம். சுவரில் நேராக மாட்டும் சீரியல் செட் 230 வோல்ட்டில் ஓடுவது, விலை குறைந்ததில் வயர் தோல் மெலிசாக இருக்கும், ஜன்னல் கதவில் நசுங்கினால் ஆபத்து. ஹாலில் போன வருடத்து செட் மிச்சம் இருக்கிறது, அதைத்தான் போடப்போகிறேன் என்றால், பிளக்கில் செருகுவதற்கு முன் வயர் முழுக்க விரலால் தடவிப் பார். எங்காவது செம்பு தெரிந்தால் தூக்கிப் போடு.

பாதி எரிந்து பாதி எரியாமல் இருக்கும் செட்டைப் பற்றியும் கேட்பார்கள். சீரியல் செட்டில் பல்புகள் கொத்துக் கொத்தாக ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், ஒன்றின் கால் விட்டுப்போனால் அந்தக் கொத்தே அணைந்துவிடும். சரி செய்யலாம்தான், ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, பிளக்கைக் கழற்றிவிட்டு.

கரண்ட் பில் ஏறும்னு அப்பா விடமாட்டேங்கறார்.

கணக்குப் போட்டுக் காட்டு. ஸ்டாரும் யூஎஸ்பி லைட்டும் சேர்ந்து ஏறக்குறைய 5 வாட் என்று வை. தினம் 5 மணி நேரம், 25 நாள் எரித்தால் 625 வாட்-மணி, ஒரு யூனிட்டில் முக்கால்கூட இல்லை. தூங்கும்போது அணைத்துவிடுகிறேன் என்றும் சொல், சொன்னபடி அணை.

அறைல மரம் வைக்க இடமே இல்ல. பிளாஸ்டிக் மரம் விலையும் ஜாஸ்தி.

சவுக்குக் கிளை போதுமே. நம்ம ஊர் கிறிஸ்துமஸ் மரம் அதுதான். மூன்றடிக் கிளை ஒன்றைப் பழைய பக்கெட்டில் மணல் கொட்டி நட்டு, மணலை ஈரமாக வைத்திரு. பக்கெட்டைக் காக்கித் தாளாலோ அம்மாவின் பழைய சேலைத் துண்டாலோ சுற்றிவிடு. ஒரு வாரத்தில் காய்ந்து ஊசி ஊசியாக உதிர ஆரம்பிக்கும், அதனால் டிசம்பர் முதல் தேதியே வாங்கிவிட்டு 25ஆம் தேதி வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. 22, 23 தேதிகளில் வாங்கு, அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான் முடியும். சவுக்கு மெலிந்த கிளை, கனமான பந்து தொங்கவிட்டால் தலை சாயும். சின்னப் பந்து ஆறு, கொஞ்சம் ஜிகினா, அவ்வளவுதான் தாங்கும்.

பனி மாதிரி பஞ்சு வைக்கலாமா என்றால், லைட் சுற்றாத கிளையில் வை. காய்ந்த சவுக்கு, பஞ்சு, மெழுகுவர்த்தி மூன்றும் ஒரே மேஜையில் இருக்கவே கூடாது.

தரையில் பக்கெட் வைக்கக்கூட இடமில்லையா? அலமாரிக் கதவில் யூஎஸ்பி லைட்டை மேலிருந்து கீழே வளைத்து வளைத்து, வர வர அகலமாக்கி மர வடிவத்தில் டேப்பால் ஒட்டிவிடு. மொத்தமே பத்து நிமிட வேலை.

குட்டிக் குடில் வைக்க ஆசை. பொம்மை செட் விலைய பாத்தா மயக்கமே வருது.

பொம்மை வாங்காதே. வீட்டுப் பரணில் பழைய செட்டிலிருந்து கை உடைந்த இடையன், கொம்பு போன மாடு எல்லாம் கிடக்கும், பாட்டி வீட்டில் கேட்டால் இன்னும் கிடைக்கும். குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் மூவரும் இருந்தால் குடில் ஆகிவிட்டது. உன் காசும் நேரமும் மலைக்கும் புல்லுக்கும் போகட்டும்.

மலைக்கு, நோட்டுக்கு அட்டை போடுகிற காக்கித் தாளை நன்றாகக் கசக்கி, மைதாப் பசையைப் புதிதாகக் காய்ச்சித் தண்ணீர் விட்டு இளக்கி அதில் தோய்த்து, செருப்பு வாங்கின டப்பாக்கள் மேல் போர்த்து. காய்ந்தால் விறைத்து நிற்கும். ஸ்பாஞ்சில் கொஞ்சம் கறுப்பும் பச்சையும் தொட்டு அங்கங்கே ஒற்றினால் பாறைதான். இழுத்துப் பூசினால் பெயிண்ட் அடித்த டப்பா மாதிரி தெரியும்.

புல்லுக்குக் கேழ்வரகு. 14ஆம் தேதி ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் வடித்து, தட்டில் விரலளவு மண் பரப்பி அதன் மேல் நெருக்கமாகத் தூவு. முளை விடும்வரை ஈரத்துணியால் மூடிவை, முளைத்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்துத் தண்ணீரைத் தெளி, ஊற்றாதே. ஊற்றினால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து நாறும். 24ஆம் தேதி பார்த்தால் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். பத்து நாளைக்கு ரொம்ப முன்னால் போட்டால் நீண்டு சாய்ந்துவிடும். இருட்டில் வைத்தால் அம்மன் கோயில் முளைப்பாரி மாதிரி வெளிர்மஞ்சளாக வரும். சில பிள்ளைகளுக்கு அந்த நிறமே பிடித்துவிடுகிறது, வைக்கோல் நிறத்தோடு ஒத்துப்போகிறதாம்.

எப்ப ஆரம்பிக்கணும்? பரீட்சை வேற இருக்கே.

ஸ்டாரை நவம்பர் கடைசி சனி ஞாயிறில் முடித்துவிடு, டிசம்பர் 1 அன்று எரியட்டும். தேர்வு நடக்கிற நாட்களில் கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிப்பது தவிர வேறு வேலை எதுவும் கிடையாது. மரம், குடில், ஜிகினா எல்லாம் கடைசிப் பரீட்சை எழுதின சாயங்காலத்திலிருந்து.

என் தம்பியும் அதே ரூம்ல இருக்கான். அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது.

அவன் கட்டில் பக்கம் ஒன்றும் ஒட்டாதே. 24ஆம் தேதி நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் குடிலில் குழந்தை இயேசுவை வைக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்துப் பார்.

எப்ப கழட்டறது? அடுத்த வருஷத்துக்கு ஸ்டாரை வைக்க முடியுமா?

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கட்டும். சவுக்கு அதற்கு முன்பே உதிர்ந்துவிடும், அதை மட்டும் புத்தாண்டோடு எடுத்துவிடு. ஸ்டாரில் தாளை நனைத்துப் பிய்த்துவிட்டுக் கூட்டை மட்டும் வை. தாளோடு வைத்தால் மைதா வாசத்துக்குக் கரப்பானும் எலியும் வந்துவிடும். உள்ளே நிறுத்திய ஐந்து குச்சிகளையும் எடுத்துவிட்டால் கூடு மறுபடி தட்டையாகிவிடும், பீரோவுக்குப் பின்னால் செருகிவிடலாம். அடுத்த நவம்பரில் நாலு தாள் வாங்கினால் போதும்.